பெரியப்பாவின் பிரமோஷன் ஆர்டரும் ஒரு விட்டுப்போன வரியும்

போன மாசம் எனக்கு ஆபீஸ்ல பிரமோஷன் வந்தது. (நன்றி, நன்றி. ட்ரீட் எல்லாம் கிடையாது.) ஒரு மெயில், அதோட ஒரு பிடிஎஃப். வாழ்த்துக்கள்னு ஆரம்பிச்சு, புது டைட்டில், புது சம்பளம், ஏப்ரல் ஒண்ணாம் தேதியிலிருந்து அமல், "உங்கள் பொறுப்புகளை உங்கள் மேலாளர் விளக்குவார்"னு ஒரு வரி. அவ்ளோதான். மேலாளர் இன்னும் விளக்கவில்லை என்பது வேற விஷயம்.

அதை பெரியப்பாகிட்ட காட்டினேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எல்.டி.சி.யாகச் சேர்ந்து, முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஃபைலோட வாழ்ந்து ரிடையர் ஆனவர். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இரண்டு தடவை படிச்சார். அப்புறம் கேட்டார்: "என்னடா இது, ஆப்ஷன் க்ளாஸ் இல்லையே?"

எனக்கு ஒண்ணும் புரியல. ஸ்டாக் ஆப்ஷனைச் சொல்றாரோன்னு நினைச்சேன். அவர் எழுந்து போய் பீரோவிலிருந்து ஒரு பழுப்பு நிற ஃபைலை எடுத்துட்டு வந்தார். அதில் 1993 டிசம்பர் 24 தேதியிட்ட ஒரு சைக்ளோஸ்டைல் தாள். அவருடைய பிரமோஷன் ஆர்டர். லோயர் டிவிஷன் கிளார்க்கிலிருந்து அப்பர் டிவிஷன் கிளார்க். ஓரத்தில் பென்சிலால் "1290" என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தது. அந்த பென்சில் எண்ணுக்குப் பின்னால் இருக்கிற கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் கணக்கு வரும், பயப்படாதீங்க, கூட்டல் மட்டும்தான்.

முதல்ல ஆர்டரில் என்ன இருந்ததுன்னு சொல்லிடறேன். மொத்தம் முக்கால் பக்கம். கீழ்க்கண்ட எல்.டி.சி.க்கள் ரூ.1200-2040 என்ற சம்பள விகிதத்தில் யு.டி.சி.யாக நியமிக்கப்படுகிறார்கள்; பதவியை ஏற்கும் நாளிலிருந்து இது அமலுக்கு வரும்; இன்ன பிரிவில் சேர்ந்து இன்ன வேலைகளைப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான். அதாவது புதுப் பதவிப் பெயர், புதுச் சம்பளம், அமலாகும் தேதி, மாறிய பொறுப்பு. என் பிடிஎஃப்ல இருந்த அதே நாலு விஷயம்.

ஆனா ஒரு வித்தியாசம். என் கடிதத்தில் சம்பளம் ஒரு எண்ணாகவே இருந்தது. பெரியப்பா ஆர்டரில் விகிதம் மட்டும்தான் இருக்கு, அவருக்கு எத்தனை ரூபாய்னு இல்லவே இல்லை. அது ஏன் என்றால், அந்த எண்ணை ஆர்டர் போடுகிற அதிகாரி தீர்மானிக்கறதில்லை. மற்ற மூணு வரிகளும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இதைப் புரிஞ்சுக்க கொஞ்சம் பின்னாடி போகணும்.

இந்தியாவில் அரசு ஊழியர்களின் சம்பளத்தை ஆளும் அடிப்படை விதிகள், அதாவது ஃபண்டமென்டல் ரூல்ஸ், 1922 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தவை. வெள்ளைக்காரன் எழுதியது. சுருக்கமா எஃப்.ஆர். என்பார்கள். நூறு வருஷம் தாண்டியும், எவ்வளவோ திருத்தங்களோடு, மத்திய அரசு அலுவலகங்களில் இன்னமும் அதுதான் வேதம். (நாம பத்து வருஷப் பழைய கோடைப் பார்த்தாலே லெகஸின்னு அலறுகிறோம்.)

அதில் 22ஆம் விதி தான் பிரமோஷன் கிடைத்தால் சம்பளத்தை எப்படி நிர்ணயிப்பது என்று சொல்வது. பழைய வடிவத்தில் விதி ரொம்ப சிம்பிள். அதிகப் பொறுப்புள்ள பதவிக்குப் போகிறாயா, உன் பழைய சம்பளத்துக்கு அடுத்து மேலே, புதுப் பதவியின் படிக்கட்டில் எந்தப் படி இருக்கோ அதில் போய் உட்கார். அவ்வளவுதான்.

கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா ஒரு நிஜ சம்பள விகிதத்தில் போட்டுப் பாருங்க. இரண்டாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு 1959 ஜூலையிலிருந்து எல்.டி.சி.க்கு 110-180 ரூபாய். ஆரம்பத்தில் வருஷத்துக்கு 3 ரூபாய், அப்புறம் 4 ரூபாய் என்று ஏறும். யு.டி.சி.க்கு 130-300. ஆரம்பத்தில் 5 ரூபாய், 160க்கு மேல் 8 ரூபாய் என்று ஏறும். பல வருஷம் வேலை பார்த்த ஒரு எல்.டி.சி. 159 ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். யு.டி.சி. படிக்கட்டில் 159க்கு அடுத்த மேல் படி 160. ஆக, பிரமோஷன் கிடைத்த அன்று அவருக்குக் கூடுவது ஒரு ரூபாய். ஒரே ஒரு ரூபாய்! எல்.டி.சி.யாகவே சும்மா உட்கார்ந்திருந்தால் அடுத்த இன்க்ரிமென்டில் 4 ரூபாய் ஏறி 163 ஆகியிருக்கும். பழைய பதவியில் இன்க்ரிமென்ட் வரும்போது புதுப் பதவியின் சம்பளத்தையும் மறுபடி பார்த்து சரிசெய்ய வேறொரு விதி வழி வைத்திருந்தது என்பது உண்மைதான். ஆனாலும் முதல் நாள் ஒரு ரூபாய் ஒரு ரூபாய்தான். வீட்டுக்கு ஸ்வீட் வாங்கிட்டுப் போகக்கூட நஷ்டக் கணக்கு.

இதைச் சரிசெய்யத்தான் 1961 ஏப்ரல் 1 முதல் எஃப்.ஆர். 22-சி என்று ஒரு புது விதி வந்தது. பழைய தலைமுறை அரசு ஊழியர்களிடம் "22-சி" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். அது சொன்னது இதுதான்: முதலில் பழைய பதவியிலேயே கற்பனையாக ஒரு இன்க்ரிமென்ட் கொடு. அப்படி வருகிற தொகைக்கு அடுத்த மேல் படியில் புதுப் பதவியில் உட்கார வை. மேலே சொன்ன ஆளுக்கு 159 கூட்டல் 4, 163. யு.டி.சி. படிக்கட்டில் 163க்கு அடுத்து மேலே 168. ஒரு ரூபாய்க்குப் பதிலாக 9 ரூபாய். பிரமோஷன் என்றால் குறைந்தது ஒரு இன்க்ரிமென்டுக்கு மேலாவது லாபம் இருக்கும் என்று ஆனது.

இந்த இடத்தில்தான் ஆர்டரின் "பொறுப்பு" வரி முக்கியமாகிறது. இந்தக் கற்பனை இன்க்ரிமென்ட் எல்லாருக்கும் கிடையாது. புதுப் பதவியின் கடமையும் பொறுப்பும் பழைய பதவியை விடக் கூடுதல் முக்கியத்துவம் உள்ளதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பொறுப்பு கூடவில்லை, சம்பள விகிதம் மட்டும்தான் உயர்வு என்றால் 22-சி கிடையாது. அந்தக் காலத்தில் "செலக்‌ஷன் கிரேடு" என்று ஒன்று உண்டு. அதே நாற்காலி, அதே வேலை, விகிதம் மட்டும் கொஞ்சம் பெரியது. அதற்குப் போனவர்களுக்கு இந்தக் கூடுதல் இன்க்ரிமென்ட் இல்லை. அவர்கள் வேலை மாறவில்லையே!

எல்.டி.சி.யிலிருந்து யு.டி.சி. ஆகும்போது நிஜமாகவே வேலை மாறும். பெரியப்பா சொன்னதை அப்படியே தர்றேன்: "எல்.டி.சி.ன்னா தபால் வந்தா டைரியில பதியறது, அனுப்பற தபாலுக்கு டெஸ்பாட்ச் நம்பர் போடறது, டைப் அடிக்கறது, முடிஞ்ச ஃபைலை ரெக்கார்ட் ரூமுக்கு அனுப்பறது. கை வேலை. யு.டி.சி. ஆனதும் ஃபைல் உன் பேர்ல வரும். நீ விதியைப் பார்த்து, பழைய கேஸைத் தேடி, நோட் எழுதணும். ட்ராஃப்ட் போடணும். தப்பா எழுதினா அது உன் எழுத்துல, உன் இனிஷியலோட நிக்கும்." ஆர்டரில் "நோட்டிங், டிராஃப்டிங் பார்க்க வேண்டும்" என்ற ஒரு வரிக்கு இவ்வளவு அர்த்தம். அந்த வரிதான் சம்பள நிர்ணயத்துக்கு ஆதாரம். நான் அதை ஏதோ ஜாப் டிஸ்கிரிப்ஷன் ஃபார்மாலிட்டின்னு நினைச்சிருந்தேன்.

அடுத்து தேதி. ஆர்டர் தேதி 24 டிசம்பர். ஆனால் பதவி உயர்வு அன்று தொடங்கவில்லை. எஃப்.ஆர். 17இன்படி, ஒரு பதவியின் சம்பளம் அந்தப் பதவியின் வேலையை ஏற்றுக்கொள்கிற நாளிலிருந்துதான். அதிலும் முற்பகலா பிற்பகலா என்று பார்ப்பார்கள். முற்பகலில் சேர்ந்தால் அன்றைக்கே சம்பளம் ஆரம்பம். பிற்பகலில் சேர்ந்தால் மறுநாளிலிருந்து. அதனால்தான் அரசு அலுவலகங்களில் சேர்கிறவர்கள் கொடுக்கிற ஜாயினிங் ரிப்போர்ட்டில் "இன்று முற்பகல் பதவி ஏற்றேன்" என்று மறக்காமல் எழுதுவார்கள். பெரியப்பா புதுப் பிரிவில் போய்ச் சேர்ந்தது 1994 ஜனவரி 3, திங்கட்கிழமை, முற்பகல். (ஆஃப் பை ஒன் பக் வராமல் இருக்க 1922லேயே யோசிச்சிருக்காங்க பாருங்க.)

தேதி ஒரு நாள் முன்னே பின்னே போனால் ஒரு நாள் சம்பளம் போகும், அவ்வளவுதானே என்று கேட்கலாம். இல்லை. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கு. அது வருஷாந்திர இன்க்ரிமென்ட் தேதி.

இப்போது பெரியப்பாவின் எண்களுக்கு வருவோம். 1986ல் வந்த நாலாவது சம்பளக் கமிஷன் விகிதம் அப்போது நடப்பில் இருந்தது. எல்.டி.சி.க்கு 950-1500. 1150 வரை 20 ரூபாய், அதற்கு மேல் 25 ரூபாய் இன்க்ரிமென்ட். நடுவில் 1150ல் எஃபிஷியன்சி பார் என்று ஒரு தடுப்பு. அதைத் தாண்ட தனியாக ஒரு ஆர்டர் வேண்டும், இல்லாவிட்டால் சம்பளம் அங்கேயே நின்றுவிடும். டோல்கேட் மாதிரி. அந்தத் தொல்லை ஐந்தாவது சம்பளக் கமிஷனோடு ஒழிந்தது. யு.டி.சி.க்கு 1200-2040. ஆரம்பத்தில் 30 ரூபாய் இன்க்ரிமென்ட், அதாவது 1200, 1230, 1260, 1290, 1320 என்று படிகள்.

ஜனவரி 1994ல் பெரியப்பாவின் எல்.டி.சி. சம்பளம் 1225. அவருக்கு இன்க்ரிமென்ட் மாதம் மே. அந்தக் காலத்தில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதம், அவரவர் சேர்ந்த தேதியைப் பொறுத்து. 22-சி விதிப்படி (1989ல் விதிகளைத் திருத்தி எழுதியபோது அதற்கு எஃப்.ஆர். 22(1)(அ)(1) என்று புது நம்பர் கொடுத்துவிட்டார்கள், ஆனால் யாரும் 22-சி என்று சொல்வதை நிறுத்தவில்லை) கணக்குப் போட்டால் 1225 கூட்டல் 25, 1250. யு.டி.சி. படியில் அதற்கு மேல் 1260. ஆக ஜனவரியிலிருந்து 1260. 35 ரூபாய் லாபம். எல்லாம் சந்தோஷம்.

இல்லை, இருங்கள். பிரமோஷன் ஆனதும் இன்க்ரிமென்ட் கடிகாரம் ஜீரோவுக்குத் திரும்பிவிடும். அடுத்த இன்க்ரிமென்ட் பன்னிரண்டு மாதம் கழித்து, 1995 ஜனவரியில்தான். எல்.டி.சி.யாக மே மாசம் வரவேண்டியிருந்த இன்க்ரிமென்ட் காற்றில் போச்சு. எட்டு மாசம் உழைத்துச் சேர்த்த காத்திருப்பு வீண்.

இன்னும் மோசம் என்னவென்றால், பெரியப்பாவுக்கு ஜூனியரான, அதே 1225 வாங்குகிற ஒருவருக்கு பிரமோஷன் தாமதமாகி ஜூன் மாதம் வந்தால்? மே மாதம் அவர் எல்.டி.சி.யாக 1250 ஆகியிருப்பார். ஜூனில் கற்பனை இன்க்ரிமென்ட் சேர்த்து 1275. யு.டி.சி. படியில் அடுத்தது 1290. சீனியர் 1260, ஜூனியர் 1290! முன்னாடி பிரமோஷன் வாங்கியதற்குத் தண்டனை.

இந்த மாதிரி முரண்பாடுகள் நாடு முழுக்க இருந்தன. அதற்குத் தீர்வாக 1981 செப்டம்பர் 26 அன்று மத்திய அரசின் பணியாளர் துறை ஒரு அலுவலகக் குறிப்பாணை போட்டது. பிரமோஷன் கிடைக்கிறவருக்கு இரண்டு வழி. ஒன்று, சேர்ந்த நாளிலேயே 22-சி கணக்கைப் போட்டுக்கொள்வது. இரண்டாவது, சேர்ந்த நாளில் பழைய பாணியில் வெறும் அடுத்த படியில் உட்கார்ந்து, பழைய பதவியில் இன்க்ரிமென்ட் வரவேண்டிய நாளன்று 22-சி கணக்கைப் போட்டுக்கொள்வது. எது வேண்டும் என்று ஊழியரே தேர்ந்தெடுக்கலாம். இதுதான் ஆப்ஷன். ஒரு மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் கொடுத்ததுதான், மாற்ற முடியாது. கொடுக்காவிட்டால் முதல் வழிதான்.

அந்தக் குறிப்பாணையில் இன்னொரு விஷயமும் உண்டு. யாரும் தெரியாமல் விட்டுவிடக் கூடாது என்பதற்காக, இந்த ஆப்ஷன் வசதியை பிரமோஷன் ஆர்டரிலேயே தவறாமல் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தது. அன்றிலிருந்து ஒரு சரியான பிரமோஷன் ஆர்டரில் ஐந்தாவதாக ஒரு வரி இருக்கணும்: "இந்த ஆணை கிடைத்த ஒரு மாதத்துக்குள் சம்பள நிர்ணயத்துக்கான விருப்பத்தைத் தெரிவிக்கலாம்."

பெரியப்பாவின் ஆர்டரில் அந்த வரி இல்லை.

யாரோ ஒரு பழைய ஆர்டரை எடுத்து, பேரை மட்டும் மாற்றி டைப் அடித்திருக்கிறார்கள். 1981க்கு முந்தைய மாதிரியாக இருக்கலாம் என்பது பெரியப்பாவின் அனுமானம். (காப்பி பேஸ்ட் பண்ணி கமென்ட் மாற்றாமல் விடுகிற நமக்கு இது ரொம்பப் பழக்கமான பக்.) அதே ஆர்டரில் பெரியப்பாவுக்கு மேலே அவரோட நண்பர் ஒருத்தர் பேர் இருந்தது. அவருக்கும் 1225, அவருக்கும் மே மாத இன்க்ரிமென்ட். இருவரும் ஒரே நாள் வேலையில் சேர்ந்தவர்கள். ஆனால் நண்பர் அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை பார்த்தவர். அவருக்கு 1981 குறிப்பாணை மனப்பாடம். ஆர்டரில் வரி இல்லாவிட்டாலும் ஜனவரி கடைசிக்குள் ஒரு தாளில் இரண்டாவது வழி வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

பெரியப்பாகிட்ட சொல்லலையா என்று கேட்டேன். "அவன் சொல்லியிருப்பான்டா. அந்த ஒரு மாசம் நான் ஆபீஸ் பக்கம் சரியா போகலை. உங்க தாத்தாவுக்கு அப்பதான் ஆஸ்பத்திரி." அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

நண்பரின் கணக்கைப் பாருங்கள். ஜனவரியில் வெறும் அடுத்த படி: 1225க்கு மேலே 1230. பெரியப்பாவின் 1260ஐ விட 30 ரூபாய் குறைவு. செக்‌ஷனில் எல்லாரும் அவரைப் பைத்தியக்காரன் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பிரமோஷன் வாங்கி அஞ்சு ரூபாய் ஏத்திக்கிட்டவன் என்று கேலி. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நாலு மாதம், மாதம் 30 என்று 120 ரூபாய் நஷ்டம்.

மே 1 வந்தது. எல்.டி.சி.யாக இருந்திருந்தால் அன்று 1250. கற்பனை இன்க்ரிமென்ட் சேர்த்து 1275. அடுத்த படி 1290. நண்பர் 1230லிருந்து நேராக 1290க்குப் போனார். பெரியப்பா 1260லேயே டிசம்பர் வரை இருந்தார். மே முதல் டிசம்பர் வரை எட்டு மாதம், மாதம் 30, நண்பருக்கு 240 ரூபாய் லாபம். நாலு மாத நஷ்டத்தைக் கழித்தாலும் அந்த வருஷமே 120 ரூபாய் முன்னாடி.

1995 ஜனவரியில் பெரியப்பாவும் 1290 ஆனார். நாலு மாதம் இருவரும் சமம். மே மாதம் நண்பர் 1320. மறுபடி எட்டு மாதம் பெரியப்பா பின்னாடி. அதாவது முதல் வருஷம் கழிந்த பிறகு நண்பர் ஒருநாளும் பெரியப்பாவுக்குக் கீழே வரவே இல்லை, ஒவ்வொரு வருஷமும் எட்டு மாதம் ஒரு இன்க்ரிமென்ட் மேலே இருந்தார். இதற்கு மேல் பஞ்சப்படி வேறு, அதுவும் அடிப்படைச் சம்பளத்தின் மேல் சதவீதமாகப் போடுவது. 1996ல் ஐந்தாவது சம்பளக் கமிஷன் விகிதம் வந்து எண்கள் எல்லாம் பெரிதாயின, ஆனால் ஒருத்தருக்கு ஜனவரி, ஒருத்தருக்கு மே என்ற இன்க்ரிமென்ட் இடைவெளி அப்படியேதான். 2006 முதல் ஆறாவது சம்பளக் கமிஷன் எல்லாருக்கும் ஜூலை 1 என்று ஒரே தேதியாக ஆக்கிய பிறகுதான் அந்த மாத வித்தியாசத்துக்கே இடமில்லாமல் போனது.

நான் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுப் பார்த்துட்டு, "பெரியப்பா, வருஷத்துக்கு 240 ரூபாய்தானே?" என்று கேட்டுத் தொலைத்தேன். "அப்ப என் அடிப்படைச் சம்பளமே 1260டா" என்றார். அதாவது இன்றைக்கு என் சம்பளத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை ஆறு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டால் நான் சும்மா இருப்பேனா? ஹெச்.ஆருக்கு எத்தனை மெயில் போயிருக்கும்!

மே மாதம் நண்பரின் சம்பளச் சீட்டைப் பார்த்ததும்தான் பெரியப்பாவுக்கு விஷயமே உறைத்தது. அந்த பென்சில் 1290 அன்றைக்கு எழுதியது. மனு எழுதினார். ஆர்டரில் ஆப்ஷன் பற்றி எழுதவேண்டும் என்று குறிப்பாணை சொல்கிறது, எழுதவில்லை, எனவே ஒரு மாதக் கெடுவை என் மேல் சுமத்தக் கூடாது என்பது அவர் வாதம். என் கணிப்பில் நல்ல வாதம். பதில் நாலு மாதம் கழித்து வந்தது. கெடு முடிந்துவிட்டது, விதி தெரியாது என்பதைக் காரணமாக ஏற்க முடியாது, மனு நிராகரிக்கப்படுகிறது. ரெண்டு வரி. ஆர்டரில் வரியை விட்டவர் விதியைத் தெரிந்துகொள்ள வேண்டாமா என்ற கேள்விக்குப் பதில் இல்லை. பெரியப்பா அதற்கு மேல் தீர்ப்பாயம், கேஸ் என்று போகவில்லை. தாத்தா போய்விட்டிருந்தார், அக்காவுக்கு ஸ்கூல் ஃபீஸ், இந்த 30 ரூபாய்க்கு வக்கீலா என்று விட்டுவிட்டார்.

ஆனால் ஒன்று செய்தார். அவரை அடுத்த சில வருஷத்தில் எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவுக்கு, அதாவது இந்த ஆர்டர்கள் எல்லாம் தயாராகிற பிரிவுக்கே, மாற்றினார்கள். அங்கே போனதும் முதல் வேலையாக பிரமோஷன் ஆர்டர் மாதிரிப் படிவத்தைக் கிழித்துப்போட்டு புதிதாக ட்ராஃப்ட் போட்டாராம். அதில் ஆப்ஷன் வரி தனிப் பத்தி, அடிக்கோடு. அதோடு ஆர்டரின் பின்னாலேயே ஆப்ஷன் படிவத்தையும் இணைத்து, பெற்றுக்கொண்டேன் என்று தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்வாராம். சர்வீஸ் புக்கில் அந்தத் தேதியைப் பதிவு பண்ணாமல் சம்பள நிர்ணய ஃபைலை மேலே அனுப்ப மாட்டாராம். "என் செக்‌ஷன்ல இருந்து போன ஒரு ஆர்டர்ல கூட அந்த வரி விட்டுப்போனது கிடையாது" என்றார். அப்போது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இப்பவும் இந்த ஆப்ஷன் உயிரோடுதான் இருக்கு. ஏழாவது சம்பளக் கமிஷனில் எல்.டி.சி. லெவல் 2, 19,900ல் ஆரம்பம். யு.டி.சி. லெவல் 4, 25,500ல் ஆரம்பம். சேர்ந்த சில வருஷத்திலேயே பிரமோஷன் வந்தால் பெரிய கணக்கே இல்லை. 21,700 வாங்குகிறவருக்கு ஒரு இன்க்ரிமென்ட் சேர்த்தால் 22,400, அது லெவல் 4ன் ஆரம்பத்தைவிடக் குறைவு, எனவே நேராக 25,500. ஆனால் பத்து வருஷம் காத்திருந்து 26,000 வாங்குகிறவருக்கு பிப்ரவரியில் பிரமோஷன் வந்தால் பழைய கதைதான். உடனே போட்டால் 26,800 வழியாக 27,100. ஜூலை இன்க்ரிமென்ட் வரை பொறுத்தால் அதுவரை 26,300, ஜூலை 1 அன்று இரண்டு இன்க்ரிமென்ட் சேர்ந்து 27,600 வழியாக 27,900. 1994ல் மாதம் 30 ரூபாய், இப்போது 800 ரூபாய். உங்கள் வீட்டில் யாராவது மத்திய அரசில் கிளார்க்காக இருந்து பிரமோஷன் ஆர்டர் கையில் வாங்கினால், வாழ்த்து சொல்லிவிட்டு, இன்க்ரிமென்ட் மாதம் எது, ஆப்ஷன் கொடுத்தாச்சா என்று கேட்டுவிடுங்கள். ஒரு மாதம்தான் டைம்.

பெரியப்பா கடைசியில் என் பிடிஎஃப்பை இன்னொரு தடவை படித்தார். "ஏப்ரல் ஒண்ணுலேர்ந்துன்னு போட்டிருக்கான். உனக்கு வழக்கமான இன்க்ரிமென்ட் எப்போ?" என்றார். ஜூலை என்றேன். "அது இந்த வருஷம் உண்டா கிடையாதான்னு இதுல எழுதலையே?"

கேட்டு மெயில் போட்டிருக்கேன். நாலு நாளாச்சு. பதில் வந்ததும் சொல்றேன்.